சுமை ஏறும்போது வேகம்: ஷண்ட் மோட்டாரும் காம்பவுண்ட் மோட்டாரும்

"எங்கள் பட்டறையில் பெரிய பிளைவீல் வைத்த தகடு வெட்டும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ரெக்டிஃபையர் வழியாக 220 வோல்ட் டி.சி.யில் ஓடும் 10 எச்.பி. மோட்டாரை மாற்ற வேண்டும். ஷண்ட் மோட்டாரில்தான் வேகம் மாறாது என்று படித்திருக்கிறேன். மோட்டார் விற்பவர் காம்பவுண்டுதான் வாங்க வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?"

நீங்கள் படித்ததும் சரி, அவர் சொல்வதும் சரி. சுமை மாறும்போது வேகத்தைக் குறைவான ஏற்ற இறக்கத்தோடு காப்பது ஷண்ட் மோட்டார்தான். ஆனால் உங்கள் இயந்திரத்துக்கு வேகம் மாறாமல் இருப்பது தேவையில்லை; வெட்டும் கணத்தில் வேகம் போதிய அளவு இறங்க வேண்டும் என்பதுதான் தேவை. பிளைவீல் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றலை வேகம் குறைந்தால் மட்டுமே வெளியே விடும். வேகத்தை விடாப்பிடியாகக் காக்கும் மோட்டாரைப் பூட்டினால், பிளைவீல் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, வெட்டும் சுமை முழுவதும் மோட்டாரின் தலையில் விழும்.

இதைக் கணக்கோடு பார்ப்பதற்கு முன், வேக ஒழுங்கு என்ற சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். மின்னழுத்தத்தையும் ரியோஸ்டாட்டையும் தொடாமல், முழுச் சுமையிலிருந்து சுமையற்ற நிலைக்கு வரும்போது வேகம் எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பதே அது.

வேக ஒழுங்கு (%) = (N₀ − N) ÷ N × 100

இதில் N₀ சுமையற்ற வேகம், N முழுச்சுமை வேகம். எண் சிறியதாக இருந்தால் வேகம் குறைவாக மாறுகிறது என்று பொருள். "நல்ல ஒழுங்கு" என்றவுடன் பெரிய எண்ணை எதிர்பார்க்கும் மாணவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாமே ரியோஸ்டாட்டைத் திருப்பி வேகத்தை மாற்றுவது வேகக் கட்டுப்பாடு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சுமைக்கு மோட்டார் தானாகத் தரும் எதிர்வினையைத்தான் இங்கே அளக்கிறோம்.

அந்த எதிர்வினையைத் தீர்மானிப்பவை இரண்டே. ஆர்மேச்சர் சுற்றும்போது அதில் உருவாகும் எதிர் மின்னியக்கு விசை, வேகத்தையும் காந்தப்பாயத்தையும் பெருக்கினால் கிடைப்பது. ஆகவே வேகம் அந்த விசைக்கு நேர்விகிதத்திலும் காந்தப்பாயத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

N ∝ (V − IₐRₐ) ÷ Φ

இதில் V லைன் மின்னழுத்தம், Rₐ ஆர்மேச்சர் தடை, Φ காந்தப்பாயம். லைன் மின்னழுத்தத்திலிருந்து ஆர்மேச்சர் தடையில் விழும் IₐRₐஐக் கழித்தால் மிஞ்சுவதே எதிர் மின்னியக்கு விசை.

சுமை ஏறினால் ஆர்மேச்சர் மின்னோட்டம் Iₐ ஏறுகிறது, ஆர்மேச்சருக்குள் விழும் மின்னழுத்தம் கூடுகிறது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் மதிப்பு குறைகிறது, வேகம் இறங்குகிறது. இது இரண்டு வகை மோட்டாருக்கும் பொது. வேறுபாடு முழுவதும் கீழே இருக்கும் Φ என்ற காந்தப்பாயத்தில்தான் இருக்கிறது. ஷண்ட் மோட்டாரின் புலச்சுருள் நேராக லைனில் இணைக்கப்பட்டிருப்பதால் அதன் மின்னோட்டம் சுமையைப் பொறுத்து மாறாது. காம்பவுண்ட் மோட்டாரில் அதே ஷண்ட் சுருளோடு, ஆர்மேச்சர் மின்னோட்டம் பாயும் தடித்த கம்பியாலான சில சுற்றுகள் ஒவ்வொரு துருவத்திலும் கூடுதலாகக் கட்டப்பட்டிருக்கும். சுமை ஏறினால் அந்தத் தொடர் சுருள் காந்தப்பாயத்தை உயர்த்தும், அதனால் வேகம் இன்னும் இறங்கும்.

உங்கள் அளவிலான ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 220 வோல்ட், 10 எச்.பி., முழுச்சுமை வேகம் நிமிடத்துக்கு 1000 சுற்று, முழுச்சுமையில் ஆர்மேச்சர் மின்னோட்டம் 40 ஆம்பியர், பிரஷ்களையும் சேர்த்து ஆர்மேச்சர் தடை 0.4 ஓம், சுமையற்ற நிலையில் 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் எதிர் மின்னியக்கு விசை 220 − 16 = 204 வோல்ட். சுமையற்ற நிலையில் 220 − 1.2 = 218.8 வோல்ட். காந்தப்பாயம் சற்றும் மாறாது என்று கொண்டால் சுமையற்ற வேகம் 1073 ஆக வரும். அதாவது வேக ஒழுங்கு 7.3 விழுக்காடு.

ஆனால் டேக்கோமீட்டரை வைத்து அளந்தால் பெரும்பாலும் இதைவிடச் சிறிய எண்ணே கிடைக்கும். காரணம், ஆர்மேச்சரில் ஓடும் மின்னோட்டமும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, துருவ முகத்தின் ஒரு பக்கத்தை வலுவாக்கி மறுபக்கத்தைத் தளர்த்துகிறது. வலுவான பக்கத்து இரும்பு ஏற்கெனவே தெவிட்டு நிலையை நெருங்கியிருப்பதால் அங்கே கூடுவது குறைவு, மறுபக்கத்தில் குறைவதோ அதிகம். மொத்தத்தில் காந்தப்பாயம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. இதைத்தான் ஆர்மேச்சர் எதிர்வினை என்பார்கள். முழுச் சுமையில் இந்தக் குறைவு 3 விழுக்காடு என்றால், சுமையற்ற வேகம் 1073 அல்ல, 1040 மட்டுமே. வேக ஒழுங்கு 4 விழுக்காடு. ஆர்மேச்சர் தடை வேகத்தை இறக்கப் பார்க்கிறது, ஆர்மேச்சர் எதிர்வினை அதை ஏற்றப் பார்க்கிறது, இரண்டுக்கும் இடையிலான இந்த இழுபறியில்தான் ஷண்ட் மோட்டாரின் பெயர்பெற்ற நிலையான வேகம் கிடைக்கிறது.

இந்த இழுபறி எப்போதும் நமக்குச் சாதகமாக முடிவதில்லை. புல ரியோஸ்டாட்டைத் திருப்பி, புலத்தைத் தளர்த்தி, மோட்டாரை அதன் அடிப்படை வேகத்துக்கு வெகுவாக மேலே ஓட்டும்போது, இருக்கும் சிறிய காந்தப்பாயத்தில் ஆர்மேச்சர் எதிர்வினை பறித்துக்கொள்ளும் பங்கு பெரிதாகிவிடும். அப்போது சுமை ஏற ஏற வேகமும் ஏறத் தொடங்கலாம். வேகம் ஏறினால் பல சுமைகள் இன்னும் அதிக முறுக்கு விசையைக் கேட்கும், மின்னோட்டம் கூடும், காந்தப்பாயம் மேலும் குறையும். அம்மீட்டர் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடுவதே இதன் அடையாளம். இதைத் தடுக்கத்தான் ஷண்ட் என்ற பெயரில் விற்கப்படும் பல மோட்டார்களில்கூடத் துருவத்துக்கு ஓரிரு சுற்றுத் தொடர் சுருளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அதை நிலைப்படுத்தும் சுருள் என்பார்கள். அந்தச் சுற்றுகளின் வேலை ஆர்மேச்சர் எதிர்வினையை ஈடுகட்டுவது மட்டுமே. அதைப் பார்த்துவிட்டு அது காம்பவுண்ட் மோட்டார் என்று நினைத்துவிடக் கூடாது.

இப்போது அதே மோட்டாரைக் காம்பவுண்டாக மாற்றுவோம். ஷண்ட் சுருளில் துருவத்துக்கு 1500 சுற்றுகள், அதில் 1 ஆம்பியர் ஓடுகிறது என்றால் 1500 ஆம்பியர்-சுற்று. தொடர் சுருளாகத் துருவத்துக்கு 10 சுற்றுகள் கட்டினால், முழுச்சுமை மின்னோட்டமான 40 ஆம்பியரில் அது 400 ஆம்பியர்-சுற்றைத் தரும். காந்தமூட்டும் வலிமை இதனால் கால் பங்குக்கு மேல் உயர்ந்தாலும், இரும்பு தெவிட்டலை நெருங்கிவிட்டதால் காந்தப்பாயம் அதே அளவு உயராது. சுமார் 15 விழுக்காடு உயர்கிறது, அதில் 3 விழுக்காட்டை ஆர்மேச்சர் எதிர்வினை தின்றுவிடுகிறது, மிச்சம் 12 விழுக்காடு உயர்வு என்று வைத்துக்கொள்வோம். தொடர் சுருளின் தடை 0.05 ஓம், மொத்தத் தடை 0.45 ஓம். முழுச் சுமையில் எதிர் மின்னியக்கு விசை 220 − 18 = 202 வோல்ட். சுமையற்ற நிலையில் தொடர் சுருளில் ஓடுவது 3 ஆம்பியர், அதாவது வெறும் 30 ஆம்பியர்-சுற்று என்பதால் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. அங்கே வேகம் ஷண்ட் மோட்டாரின் அதே 1040 தான். ஆனால் முழுச் சுமையில் வேகம் 857 ஆக இறங்கிவிடும். வேக ஒழுங்கு 21 விழுக்காடு.

ஷண்டில் 4, காம்பவுண்டில் 21. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் காம்பவுண்ட் மோட்டார் படுமோசம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வேக இழப்புக்கு ஈடாகக் கிடைப்பதையும் பார்க்க வேண்டும். முறுக்கு விசை காந்தப்பாயத்தையும் ஆர்மேச்சர் மின்னோட்டத்தையும் பெருக்கினால் கிடைப்பது. எனவே அதே 40 ஆம்பியருக்குக் காம்பவுண்ட் மோட்டார் ஷண்டைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல் முறுக்கு விசையைத் தருகிறது. மின்னோட்டம் 80 ஆம்பியருக்கு ஏறினால் இந்த வேறுபாடு கால் பங்கைத் தாண்டும், ஏனென்றால் அங்கே ஷண்டின் காந்தப்பாயம் மேலும் தளர்ந்திருக்கும், காம்பவுண்டினுடையது மேலும் வலுத்திருக்கும்.

உங்கள் இயந்திரத்தில் முறுக்கு விசையைவிடப் பிளைவீல்தான் முக்கியம். சுழலும் சக்கரத்தின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வேகம் 1040இலிருந்து 1000க்கு இறங்கினால் சேமிப்பில் சுமார் 7.5 விழுக்காடு வெளியே வரும். 857க்கு இறங்கினால் 32 விழுக்காடு வெளியே வரும். மோட்டார் தண்டிலிருந்து பார்க்கும்போது பிளைவீலின் நிலைமத் திருப்புத்திறன் 5 கிலோகிராம்-சதுர மீட்டர் என்றால், 1040 சுற்றில் அதன் சேமிப்பு ஏறக்குறைய 29,600 ஜூல். முழுச்சுமை மின்னோட்டத்தை எட்டுவதற்குள் ஷண்ட் மோட்டார் அதிலிருந்து எடுக்க விடுவது 2,200 ஜூல். காம்பவுண்ட் எடுக்க விடுவது 9,500 ஜூல். சக்கரம் ஒன்றுதான், அதைப் பயன்படுத்தும் அளவு நான்கு மடங்குக்கு மேல் மாறுகிறது.

ஒரு வெட்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். கத்தி தகட்டில் இறங்கி வெளியே வர அரை வினாடி, அதற்கு 11,500 ஜூல் தேவை என்று கொள்ளுங்கள். காம்பவுண்ட் மோட்டாரில் பிளைவீல் 9,500 ஜூலைக் கொடுக்க, மிச்சம் 2,000 ஜூலை மோட்டார் தருகிறது. கத்தி வெளிவரும்போது அம்மீட்டர் 40 ஆம்பியர் அளவில் நிற்கும். ஷண்ட் மோட்டாரில் 40 ஆம்பியரை எட்டும்போது தகடு இன்னும் பாதிகூட வெட்டுப்பட்டிருக்காது. வேகம் மேலும் இறங்க வேண்டுமானால் மின்னோட்டம் மேலும் ஏறியாக வேண்டும். 100 ஆம்பியரில் வேகம் 935 அளவுக்கு வந்திருக்கும், பிளைவீல் 5,700 ஜூலைத் தந்திருக்கும், மோட்டார் தானே 5,000 ஜூலுக்கு அருகில் கொடுத்திருக்கும். அப்போதும் வெட்டு முடிந்திருக்காது. ஆக, ஒவ்வொரு வெட்டுக்கும் மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டும். ஆர்மேச்சர் சூடாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதையும், 100 ஆம்பியருக்குமேல் ஓடுவது காம்யூட்டேட்டரில் தீப்பொறியைக் கிளப்பும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது ரெக்டிஃபையர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. 40 ஆம்பியருக்குத் தேர்ந்தெடுத்த டயோடுகளும் பியூஸும் நாள் முழுக்க இந்த உச்சங்களைத் தாங்கா.

இதற்கும் ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வெட்டு முடிந்தபின் பிளைவீலை 857இலிருந்து மறுபடி 1040க்கு அருகில் கொண்டுவர மோட்டாருக்கு அவகாசம் வேண்டும். வேகம் ஏற ஏற மின்னோட்டம் தானே தணிந்துவிடுவதால், நம் கணக்கு மோட்டாருக்கு இதில் மூன்று முதல் நான்கு வினாடி வரை ஆகும். ஆகவே நிமிடத்துக்கு 15 வெட்டு வரை இந்த ஏற்பாடு நன்றாக ஓடும். 30 வெட்டு வேண்டும் என்றால் வேகம் முழுமையாக மீளுமுன் அடுத்த வெட்டு வந்துவிடும், ஒவ்வொரு வெட்டுக்கும் தொடக்க வேகம் குறைந்துகொண்டே போகும். அப்போது தொடர் சுற்றுகளைக் கூட்டுவது தீர்வாகாது. பெரிய மோட்டார்தான் வேண்டும்.

இதே காரணத்தால், பிளைவீல் இல்லாத, வேகம் மாறினால் வேலை கெடும் இயந்திரங்களுக்குக் காம்பவுண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேத்தில் வெட்டு ஆழம் கூடும்போது தண்டின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் பரப்பின் மெருகு போய்விடும். அங்கே ஷண்ட்தான் சரி. மையவிலக்குப் பம்புக்கும் மின்விசிறிக்கும் சுமை திடீரென்று ஏறுவதில்லை, ஆகவே அங்கும் ஷண்டே போதும். பிஸ்டன் வைத்த கம்ப்ரசர், கல் ஏற்றும் கன்வேயர், பாரம் தூக்கும் ஹாய்ஸ்ட் போன்றவை காம்பவுண்டுக்கு உரியவை. ஹாய்ஸ்டில் தொடர்சுற்று மோட்டாரைப் போட்டுப் பாரம் கழன்றால் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். காம்பவுண்டில் ஷண்ட் சுருள் இருப்பதால் சுமையற்ற வேகத்துக்கு ஒரு திட்டமான மேல்வரம்பு உண்டு.

இதுவரை சொன்னது எல்லாம் தொடர் சுருள் ஷண்ட் சுருளுக்குத் துணையாக நிற்கும் இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் நிலைமை தலைகீழ். நம் மோட்டாரில் அதே 400 ஆம்பியர்-சுற்று எதிராக வேலை செய்து காந்தப்பாயத்தை 20 விழுக்காடு குறைத்தால், முழுச் சுமையில் வேகம் 1200ஐத் தொடும். சுமை ஏற வேகமும் ஏறும்.

இதை நான் ஒரு கல் உடைக்கும் ஆலையின் கன்வேயரில் நேரில் பார்த்தேன். காயில் கட்டி வந்த காம்பவுண்ட் மோட்டாரைப் பூட்டியபோது அது எதிர்த் திசையில் ஓடியது. பெட்டியைத் திறந்தவர், மெல்லிய கம்பிகள் மாற்ற எளிது என்பதால், ஷண்ட் புலத்தின் இரு முனைகளை மட்டும் இடம் மாற்றிவிட்டார். திசை சரியாகிவிட்டது, வெறும் பெல்ட் அமைதியாக ஓடியது, எல்லாரும் திருப்தியோடு நின்றிருந்தோம். கல் விழத் தொடங்கியபோது, வழக்கமாகக் கனத்து இறங்க வேண்டிய மோட்டாரின் ஒலி மெலிந்து மேலேறியது. அம்மீட்டர் முள் அளவுகோலின் கடைசிக்கு ஓடியது, பிரஷ்களின் கீழே நீலப்பொறி வளையமாகச் சுற்றியது, பிரேக்கர் விழுந்தது. சுமை ஏற்றும்போது ஒலி உயர்ந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். உடனே நிறுத்தி இந்த இணைப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

காம்பவுண்ட் மோட்டாரின் திசையை மாற்ற வேண்டுமானால் ஆர்மேச்சரின் இரு முனைகளை, முதன்மைத் துருவங்களுக்கு இடையே இருக்கும் இன்டர்போல் சுருளையும் ஆர்மேச்சரோடு சேர்த்தே, மாற்ற வேண்டும். புலச்சுருள்கள் இரண்டையும் தொடக்கூடாது. பழைய மோட்டார்களில் முனைகளுக்கு ஆர்மேச்சர் 'ஏ–ஏஏ', தொடர் சுருள் 'ஒய்–ஒய்ஒய்', ஷண்ட் 'இசட்–இசட்இசட்' என்று குறித்திருப்பார்கள். ஆனால் காயில் கட்டிய மோட்டாரில் அந்தக் குறிகளை நம்பாதீர்கள். சுமையிலிருந்து கழற்றிவிட்டு, முதலில் தொடர் சுருளைச் சுற்றிலிருந்து விலக்கி, ஷண்டாக மட்டும் ஸ்டார்ட்டர் வழியாக ஒரு கணம் ஓட்டித் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஷண்ட் சுருளைக் கழற்றிவிட்டு, ஆர்மேச்சரையும் தொடர் சுருளையும் வரிசையாக இணைத்து 24 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். 220 வோல்ட்டில் இதைச் செய்யவே கூடாது, சுமையில்லாத தொடர்சுற்று மோட்டார் வெறிபிடித்து ஓடும். இரண்டு முறையும் தண்டு ஒரே திசையில் திரும்பினால் சுருள்கள் துணையாக நிற்கின்றன. எதிர்த் திசையில் திரும்பினால் தொடர் சுருளின் இரு முனைகளை மாற்றுங்கள்.

வாங்கிப் பூட்டியபின் வேக ஒழுங்கை நீங்களே அளந்து பாருங்கள், ஆனால் மோட்டார் ஒரு மணி நேரமாவது ஓடிச் சூடானபின் அளங்கள். ஷண்ட் சுருள் 50 டிகிரி சூடேறினால் அதன் தடை சுமார் 20 விழுக்காடு உயர்ந்து, புல மின்னோட்டம் இறங்கி, வேகம் ஏறும். காலையில் குளிர்ந்த மோட்டாரில் சுமையற்ற வேகத்தையும், மதியம் சூடான மோட்டாரில் முழுச்சுமை வேகத்தையும் எடுத்தால், இல்லாத நல்ல ஒழுங்கு இருப்பதுபோலத் தெரியும். வேகம் தேவைக்கு மேல் இறங்கினால் தொடர் சுருளுக்கு இணையாக ஒரு சிறு தடையைப் போட்டு மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் திருப்பிவிடலாம். ஆனால் தொடர் சுருளின் தூண்டல் காரணமாக, கத்தி இறங்கும் முதல் கணத்தில் மின்னோட்டம் அந்தத் தடை வழியாகவே ஓடப் பார்க்கும், சுருள் சற்றுத் தாமதமாகத்தான் வேலையைத் தொடங்கும். கிடைத்த இரண்டு வேகங்களையும் மின்னோட்டத்தோடு சேர்த்துப் பலகையில் எழுதி ஒட்டி வையுங்கள். பின்னொரு நாள் அதே தகட்டுக்கு வேக இறக்கம் குறைந்து அம்மீட்டர் உச்சம் கூடியிருந்தால், ஏதோ ஒரு துருவத்தின் தொடர் சுருளில் சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.